சந்தை ஆட்டுக்கு மூன்று வாரம் தனிப்பட்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

செஞ்சி சந்தையில் வாங்கிய 4 பெட்டைகளையும் மூன்று வாரம் தனியே கட்டச் சொன்னதும், "நல்லா மேயுது, அசை போடுது, புழுக்கையும் கெட்டியாத்தான் போடுது. அப்புறம் எதுக்கு டாக்டரே?" என்று கேட்டீர்கள். போனில் அவசரமாகச் சொன்னது போதாது என்றுதான் இந்தக் கடிதம்.

நான் அஞ்சுவது ஆட்டுக்கொல்லி நோய்க்கு. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-ல். அந்தக் கிருமி உடம்பில் புகுந்த பிறகும் ஆடு பெரும்பாலும் 4 முதல் 6 நாள் வரை நன்றாகவே இருக்கும். சில ஆடுகளில் இன்னும் தள்ளிப் போகும். வெள்ளிக்கிழமை சந்தையில் மூக்கோடு மூக்கு உரசி வாங்கிய கிருமிக்கு, வெள்ளியன்று எந்த அடையாளமும் இருக்காது. அன்று நானே தொட்டுப் பார்த்தாலும் "நல்ல ஆடு" என்றுதான் சொல்வேன்.

பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் வெள்ளியன்று 3 ஆடு வாங்கி, அன்று மாலையே பழைய ஆடுகளோடு பட்டியில் அடைத்தார். புதன்கிழமை புது ஆடு ஒன்றுக்கு மூக்கில் நீர். தழையை முகர்ந்துவிட்டு விலகி நின்றது. வண்டியில் வந்த அலைச்சல், சளி என்று நினைத்தார். மூக்குநீர் கெட்டியாகி, கண்ணில் பூளை கட்டி, ஈறில் புண் வந்து, கழிச்சல் தொடங்கியபோதுதான் என்னைக் கூப்பிட்டார். அதற்குள் பழைய ஆட்டுக்குட்டிகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. கூடவே வரும் நுரையீரல் தொற்றுக்கு ஊசி போடலாம், நீர்ச்சத்து ஏற்றலாம், அவ்வளவுதான். குட்டிகள்தான் அதிகம் செத்தன. அந்த மூன்றும் தனியாக இருந்திருந்தால் அவருக்கு நஷ்டம் அந்த மூன்றோடு நின்றிருக்கும்.

"வாங்கின அன்னிக்கே தடுப்பூசி போட்டா ஆகாதா?" என்பீர்கள். ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். சந்தையிலேயே கிருமி ஏறிவிட்ட ஆட்டை அன்றைய ஊசி காப்பாற்றாது. அதனால் உங்கள் பழைய ஆடுகளுக்கு முன்கூட்டியே போட்டுவைப்பதுதான் கணக்கு. புது ஆட்டுக்கு, முதல் வாரம் காய்ச்சல் இல்லாமல் கழிந்தால், 1 மில்லி தோலுக்கடியில் நானே வந்து போடுகிறேன். மீதி இரண்டு வாரத்தில் எதிர்ப்பு ஊறிவிடும். அம்மை, கோமாரி போன்றவையும் பெரும்பாலும் இந்த 21 நாளுக்குள் தலைகாட்டிவிடும்.

தனிப்பட்டி பழைய பட்டியோடு சுவர் ஒட்டி இருக்கக் கூடாது. தோட்டத்தின் மறுகோடியில் போடுங்கள். தொட்டி, தழை கட்டும் கயிறு எல்லாம் தனி. பழைய ஆடுகளைப் பார்த்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, கைலியை மாற்றுங்கள். வெயில் ஏறுமுன் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102, 103 சரி. 104-ஐத் தாண்டினால், மூக்கில் நீர் இல்லாவிட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள். காய்ச்சல்தான் முதலில் வரும்.

இன்னொன்று குடற்புழு. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவில், பல மருந்துகளுக்கும் மசியாத வகைகள் ஆட்டோடு ஆடாக ஊர் ஊராகப் போகின்றன. அவற்றின் முட்டை உங்கள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தால், அப்புறம் நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து வேலை செய்யாது. முதல் நாள் கொஞ்சம் புழுக்கை எடுத்துவைத்துவிட்டு, நான் சொல்லும் மருந்தை ஆட்டின் எடைக்கேற்பக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி புழுக்கை கொண்டுவாருங்கள். முட்டை எண்ணிக்கை அடியோடு குறைந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் மருந்தை மாற்றிக் கொடுத்து, மறுபரிசோதனை முடியும்வரை மேய்ச்சலுக்கு விட வேண்டாம்.

நடுவில் ஒரு ஆடு சுகமில்லாமல் போனால் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வெள்ளி இன்னொரு ஆட்டை வாங்கி அதே பட்டியில் விட்டாலும் அப்படித்தான்.

மூன்று வாரத்தில் எல்லாமே தெரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் இருக்கும். அதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். உங்கள் 4 பெட்டைகளும் சினைக்கு வாங்கியவை என்பதால், தடுப்பூசி போட வரும் அன்றே இரத்தமும் எடுத்துக்கொள்கிறேன். முடிவு வந்தபின் பட்டியைத் திறப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கால்நடை மருத்துவர்