விடைக்குறிப்பும் ஒரு அடைப்புக்குறியும்

ஓய்வு பெற்ற பிறகும் சாருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களே, போன வாரம் பார்த்த வேலையைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது கணித ஆசிரியை. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு வேறு பள்ளியின் விடைத்தாள்களை முதன்முறையாகத் திருத்தப் போகிறாள். விடைக்குறிப்பை யாரோ மேசையில் வைத்துப் படமெடுத்து அனுப்ப, அவள் அதை எனக்கு அனுப்பினாள். ஒன்பது படங்கள். இரண்டு தலைகீழ், ஒன்றில் பாதி நிழல். "சார், திருத்தும்போது ஒவ்வொரு தடவையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, ஒரு அட்டவணையா போட்டுத் தர முடியுமா?" என்றாள். டிப்ளமோ முடித்து இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, அஞ்சல் வழியில் படித்துத்தான் பத்தாம் வகுப்புக்கே வந்தவன் நான். முதல் கட்டுத் தாளைப் பிரித்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. சரி என்றேன்.

வினா எண், எதிர்பார்க்கும் படி, மதிப்பெண், எந்தப் படத்தில் உள்ளது என்று நான்கு பத்திகள் போட்டேன். படத்தின் எண்ணைச் சேர்த்தது, சந்தேகம் வந்தால் அவள் நேரே மூலத்தைப் பார்க்கட்டும் என்றுதான்.

தட்டச்சு செய்து முடித்ததும் ஒவ்வொரு வினாவின் படிகளையும் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் நான்குதான் வந்தது. படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, கடைசி மதிப்பெண் அங்கே போய்விட்டது. இன்னொன்றில் பத்து வந்தது. "அல்லது" என்று கீழே கொடுத்திருந்த மாற்று வழியையும் அதே வினாவின் தொடர்ச்சியாக அடித்திருக்கிறேன். மாற்று வழியைத் தனி வரிசையாக்கி, இரண்டில் ஒன்றுக்குத்தான் மதிப்பெண் என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தால் இந்த மாதிரித் தவறுகள் அகப்பட்டுவிடும்.

கூட்டலில் அகப்படாத தவறும் ஒன்று இருந்தது. 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் கேட்ட கணக்கு அது. உங்களில் பலருக்கு நானே கரும்பலகையில் போட்டுக் காட்டியதுதான். நான் அடித்தது இப்படி:

301 + 308 + … + 595 : 1
n = (l − a)/d + 1 : (காலி)
n = 43 : 2
Sₙ = n/2 (a + l) : 1
19264 : 1

கூட்டினால் ஐந்து. திருப்தியாக அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை அண்ணன் பேத்தி வந்திருந்தாள், பத்தாம் வகுப்பு. இந்தக் கணக்கைப் போடச் சொல்லி, என் அட்டவணையை வைத்துத் திருத்தினேன். சூத்திரம் சரியாக எழுதி, 294-ஐ 7-ஆல் வகுத்து 42 என்று கண்டவள், ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டாள். அதனால் கூடுதல் 18816 ஆகிவிட்டது. அட்டவணைப்படி தொடருக்கு 1, கூடுதல் சூத்திரத்துக்கு 1, ஆக மொத்தம் 2. "தாத்தா, n சூத்திரத்துக்கு மார்க்கே இல்லையா?" என்றாள்.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சூத்திர வரியையும் n = 43 என்ற வரியையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி, அதன் நடுவில் 2. படம் சாய்ந்திருந்ததால் அந்த 2, கீழ் வரிக்கு நேராகத் தெரிந்திருக்கிறது. விடையை மட்டும் பார்த்து இரண்டையும் தரும் வரியாக நான் மாற்றிவிட்டேன். அப்படியே அனுப்பியிருந்தால், புதிதாகத் திருத்த வருகிறவள் அத்தனை தாளிலும் அதைத்தானே நம்பியிருப்பாள்?

உடனே "சூத்திரத்துக்கு 1, மதிப்புக்கு 1" என்று திருத்தக் கை போனது. ஆனால் விடைக்குறிப்பு அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை, அது என் அனுபவம் சொல்வது. என் சொந்தக் கருத்தைக் குறிப்பின் பத்தியில் எழுதினால், அவளுக்கு எது விதி, எது சாருடைய பழக்கம் என்று தெரியாது. அதனால் இரண்டு வரிக்கும் சேர்த்து 2 என்று இணைத்து, ஐந்தாவதாகக் "கேட்க வேண்டியது" என்றொரு பத்தி சேர்த்தேன். அதில், "சூத்திரம் சரி, 42 என்று நிறுத்தினால் 1 தரலாமா?" என்று எழுதி அனுப்பினேன்.

திருத்தும் நாளன்று மதிய இடைவேளையில் கூப்பிட்டாள். "தாள் எடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன் சார். பொறுப்பில் இருந்த மூத்த ஆசிரியர் 1 தரலாம்னு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிட்டார். என் முதல் கட்டிலேயே நாலு பிள்ளைங்க 42-ல நின்னிருக்காங்க."

முதலில் அடித்த அட்டவணையை இரண்டு ஆசிரியர்களுக்கு நான் அவசரப்பட்டு அனுப்பியிருந்தேன். இதைப் படித்தால் அதை அழித்துவிடுங்கள். ஐந்து பத்திகள் உள்ளதுதான் சரியானது.