பிடித்தார், கட்டவில்லை

மதுரை கே.கே. நகர் பிளாட்டை 2024-ல் 60 லட்சத்துக்கு விற்றோம். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். 60,000 ரூபாயைப் பிடித்தார், 26QB படிவத்தில் கட்டவில்லை. என் 26AS-ல் அந்தத் தொகையே இல்லை. இப்போது எனக்கு நோட்டீஸ்.

பத்திரத்தில் டிடிஎஸ் கழிவு எழுதியிருக்கிறது, பாஸ்புக்கில் 59,40,000 வரவாகியிருக்கிறது. இவைதான் என் ஆதாரம். பிடித்த வரியை விற்றவரிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்கிறது 1961 சட்டத்தின் 205-வது பிரிவு. ஆனாலும் வாங்கியவர் கட்டும்வரை கிரெடிட் ஏறாது. அவருக்கோ தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய், 60,000 வரை. வட்டி தனி.

விற்கப்போகிறவர்கள் பத்திரப்பதிவுக்கு முன்பே டிடிஎஸ் கட்டிய சலானைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் உங்கள் பான் எண் சரியா என்றும் பாருங்கள்.