தலையாட்டி பொம்மைக் கடை முன்னால் அஞ்சு நிமிஷம்

இரண்டரை வயதுப் பிள்ளை வீட்டில் உருண்டு அழுதால் அது அழுகை. அதே பிள்ளை பெரிய கோயில் வாசலில் பிரதோஷக் கூட்டத்துக்கு நடுவே அழுதால், அம்மாவுக்கு அது பரீட்சை! சுற்றி நிற்கும் அத்தனை பேரும் மார்க் போடுகிற மாதிரியே இருக்கும். பல நேரம் பிள்ளையின் முதுகில் விழுகிற அடி, பிள்ளை செய்த தப்புக்கு விழுவதில்லை. அந்தப் பார்வைகளுக்காக விழுகிறது.

கும்பகோணத்திலிருந்து மாமியாரோடு பஸ்ஸில் வந்த ஒரு இளம் அம்மாவின் அனுபவத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம், மதியத் தூக்கம் போச்சு, சோறும் இரண்டு வாய்தான். கோயில் வாசல் கடையில் தலையாட்டி பொம்மையைப் பார்த்ததும் பையன் கையை நீட்டினான். "வேண்டாம்டா, வீட்ல இருக்குல்ல" என்றதுதான் தாமதம்... ஆட்டோக்கள் திரும்புகிற இடத்திலேயே மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக் கத்த ஆரம்பித்தான்.

"வாங்கிக் கொடுத்துத் தொலையேம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் மாமியார். "அழுதா போலீஸ் புடிச்சுக்கும்" என்று மிரட்டிப் பார்த்தார் ஒரு பெரியவர்.

அவள் முதலில் செய்தது, பிள்ளையை அங்கிருந்து நகர்த்தியது. பின்பக்கமாக, அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். முகத்தோடு முகமாகத் தூக்கினால் உதையும் கடியும் நமக்குத்தான். மதில் ஓர நிழலில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு மேலிருந்து பேசினால் பிள்ளைக்கு மிரட்சி கூடும். வெயில் நேரத்தில் கல் தளத்தில் உருளவிடுவதும் கூடாது, சூடு தாங்காது.

பிறகு, "பொம்மை வேணும்னு கோபம் வருது. அம்மாவுக்குத் தெரியுது. இன்னைக்கு வாங்கலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி. விளக்கம், கெஞ்சல், அறிவுரை எதுவும் இல்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காருவதுதான் இதிலேயே கஷ்டமான வேலை!

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளின் அடத்தைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, 2003-ல் வெளியிட்டார்கள். முக்கால்வாசி அடம் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது. அழுகையும் ஆறுதல் தேடலும் கடைசிவரை இருக்கின்றன. கோபம் உச்சத்தில் இருக்கும்போது நாம் சொல்லும் நியாயம் காதில் ஏறாது. 'ஏன் இப்படிப் பண்றே?' என்று கேட்கக் கேட்கக் கத்தல் நீளும், அவ்வளவுதான்.

கோபம் இறங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தத்தைக் கவனித்தால் போதும். வீறிடல் போய் விசும்பல் வரும், கண் அம்மாவைத் தேடும். இந்தப் பையனும் மூன்று நான்கு நிமிஷத்தில் "அம்மா..." என்று தவழ்ந்து மடிக்கு வந்தான். அப்போதுதான் அணைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், பையில் இருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். அதற்கு முன்னால் அணைக்கப் போயிருந்தால் திமிறித் தள்ளியிருப்பான்.

பொம்மை? வாங்கவில்லை. கத்தலுக்குப் பிறகு வாங்கித் தந்தால், கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பத்து தடவை மறுத்துவிட்டு ஒரு தடவை இறங்கிப் போவது இன்னும் மோசம். 'இன்னைக்குக் கிடைச்சாலும் கிடைக்கும்' என்று அடுத்த தடவை கூடுதல் நேரம் முயற்சி நடக்கும். செல்போனை நீட்டி வாயடைப்பதும் இதே கணக்குதான். வாங்கித் தருவதாக இருந்தால் கேட்ட உடனேயே வாங்கித் தந்துவிடலாம், அதில் தப்பே இல்லை.

மாமியாரையும் குறை சொல்ல முடியாது, பாட்டி மனசு. "அத்தை, நீங்க உள்ள போய் இடம் புடிங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடுறோம்" என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள் மருமகள். வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவர் குறைந்தாலும் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நல்லதுதானே!

எல்லா அடத்தையும் இப்படி உட்கார்ந்து கடக்க முடியாது. அடிக்கடி இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் நீண்டாலோ, பிள்ளை தலையை முட்டிக்கொண்டு, தன்னையே கடித்துக்கொண்டு காயப்படுத்திக்கொண்டாலோ குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகள் அழுகையின் நடுவே மூச்சை அடக்கி, உதடு நீலமாகிச் சில விநாடி துவண்டுவிடும். அப்போது உலுக்காமல், முகத்தில் தண்ணீர் அடிக்காமல், வாயில் எதையும் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தால், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தானாகத் தெளியும். ஒரு நிமிஷம் தாண்டியும் நினைவு வராவிட்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இரும்புச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளிடம் இது கூடுதலாக வருவதால், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்.