உறையின் மேல் எழுதியவை

தடாவில் குடியிருந்து ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் ஒருவர், இரவுப் பணி முடிந்ததும் கும்மிடிப்பூண்டியிலுள்ள தம் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு செய்தி அனுப்புகிறார் என்று கொள்க. அச்செய்தி மறைகுறியாக்கப்பட்டது, அதை நிறுவனத்தால் படிக்க இயலாது. ஆனால் கடிதம் ஒட்டப்பட்டிருந்தாலும் உறையின் மேல் எழுதியவை மறைவதில்லை. கைப்பேசியின் வகை, மின்கல அளவு, தேர்ந்த மொழி, இணைய முகவரி, எப்போது, எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்பன திரட்டப்படுவதாக நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையே கூறுகிறது. இருப்பிட வசதியை அவர் பயன்படுத்தாவிட்டாலும், இணைய முகவரியைக் கொண்டு அவர் இருக்கும் ஊர் ஏறத்தாழ மதிப்பிடப்படும்.

இவற்றுள் பல, சேவைக்கு உண்மையாகவே தேவை. இணைய முகவரி இல்லாமல் செய்தி சென்று சேராது. ஷோஷனா ஜூபாஃப் ‘நடத்தை உபரி’ என்று பெயரிட்டது இதற்கு அடுத்த படியை. சேவையை நடத்தவும் மேம்படுத்தவும் தேவையான அளவைக் கடந்து, பயனரின் அடுத்த நடத்தையைக் கணித்து விற்பதற்கு மூலப்பொருளாகும் தரவே உபரி. ஆகவே ஒரே தரவு சேவைக்கு உதவும்போது இடுபொருள். விளம்பரத்திற்குச் செல்லும்போது உபரி. தரவின் தன்மையை மட்டும் பார்த்தால் இவ்வேறுபாடு தெரியாது. அது எங்கே செல்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இப்பாதையே வழக்காயிற்று. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றியபோது, கணக்குத் தகவல் ஃபேஸ்புக் விளம்பரங்களுக்குப் பயன்படுவதை மறுக்க, அப்போதைய பயனர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2021 ஜனவரியில் வந்த அறிவிப்பு அத்தகைய தெரிவை வழங்கவில்லை: ஏற்க வேண்டும், அல்லது விலக வேண்டும். உறவினரும் மேற்பார்வையாளரும் அதே செயலியில் இருக்க, தடாத் தொழிலாளி மட்டும் விலகி எங்கே செல்வார்? அவருடைய இசைவைச் சுதந்திரமான இசைவு என்று கொள்ள இயலாது.

2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாக மெட்டாவுக்கு ரூ. 213.14 கோடி அபராதம் விதித்தது. விளம்பர நோக்கில் தரவைக் குழும நிறுவனங்களுடன் பகிர 5 ஆண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, அத்தடையை நீக்கியது.

இதில் கருத்தரங்கு விவாதிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. இசைவு கட்டாயப்படுத்தப்பட்டது என்பதற்கான தண்டனை நின்றது. தரவு செல்லும் வழியை 5 ஆண்டுக்கு அடைத்த ஆணை நிற்கவில்லை. அபராதம் ஒருமுறை செலுத்தப்படுவது. உபரியோ ஒவ்வொரு செய்தியோடும் பிறப்பது. செய்தியின் உள்ளடக்கத்தைக் காக்கும் மறைகுறியாக்கத்தை மட்டும் தனியுரிமை என்று கொள்ளும் வரை, உறையின் மேலுள்ளவை கேள்வியின்றிச் சென்றுகொண்டிருக்கும்.