யானைகள் சென்றதா, சென்றனவா?

கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ் பயிலும் மாணவர்க்கு எசல பெரஹரா பழகிய கட்டுரைப் பொருள். சாட்டையடிப்போர் வழிவிலக்கி முன்னே செல்வதும், தீப்பந்த ஒளியில் கண்டிய நடனக் கலைஞர் ஆடி வருவதும், அணிசெய்த யானைகள் அசைந்து நடப்பதும் வருணனைக்கு ஏற்றவையே. ஆயினும் வருணனை வாக்கியமாகும்போது ஓரிடத்தில் இடறல் நேர்கிறது. "யானைகள் வரிசையாகச் சென்றது" என்று மாணவன் எழுதுகிறான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் வெட்டிச் "சென்றன" என்று திருத்துகிறார். காரணம் வினவினால், எழுவாய் பலவின்பால், ஆகவே பயனிலையும் பலவின்பாலாதல் வேண்டும் என்பது விடை. விடை சரியானதே. எனினும் அம்மாணவன் தன் வீட்டிலோ தெருவிலோ ஒருவரேனும் "யானைகள் சென்றன" என்று பேசக் கேட்டதில்லை. அவன் கேட்டதெல்லாம் "யானையெல்லாம் போச்சு" என்பதுதான். அவன் அறியாமையால் பிழைத்தானா, அன்றித் தான் நன்கறிந்த வேறொரு விதியை எழுத்தில் கொண்டுவந்து சேர்த்தானா என்பதே ஈண்டு எழும் வினா.

இதற்கு விடை காணத் தொல்காப்பியம் வரை பின்செல்ல வேண்டும். 'யானை' முதலான அஃறிணை இயற்பெயர்கள் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானவை என்பதும், எண்ணைத் தெரிவிப்பது அவற்றோடு வரும் வினையே என்பதும் அந்நூலின் கொள்கை. "யானை வந்தது" எனின் ஒன்று. "யானை வந்தன" எனின் பல. பெயரில் மாற்றமேதும் இல்லை. 'கள்' விகுதி அன்று கட்டாயமன்று. விரும்பினாற் சேர்க்கலாம், விடுக்கலாம். ஆகவே 'ன' என்னும் அச்சிறு ஈறே பன்மைப் பொருள் முழுவதையும் சுமந்து நின்றது. அதனை நீக்கினால் பொருளே மாறிவிடும்.

காலப்போக்கில் 'கள்' பரவியது. 'யானைகள்' என்று பெயரே பன்மையைச் சொல்லத் தொடங்கியபின் வினையும் அதனைச் சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. பேச்சுவழக்கு அச்சுமையை இறக்கி வைத்துவிட்டது; எழுத்துவழக்கு இரண்டிடத்திலும் அதனை வைத்துக்கொண்டது. எழுத்து பழைமையைப் பேணியது என்று கூறுவது எளிது. ஆயினும் பழந்தமிழ் ஓரிடத்திற் சொன்னதை இன்றைய உரைநடை ஈரிடத்திற் சொல்கிறது என்பதையும் மறத்தலாகாது. "யானை சென்றன" என்று இன்று ஒரு மாணவன் எழுதுவானாயின் அதற்கும் சிவப்பு மையே கிடைக்கும். தொல்காப்பியர் அவனுக்குத் துணைநின்றும் பயனில்லை!

உயர்திணையில் நிலை வேறு. "ஆக்கள் போச்சு" என்று எவரும் பேசார். "போனாங்க" என்றோ, "போனார்கள்" என்றோ, யாழ்ப்பாணத்தாராயின் "போனவை" என்றோ கூறுவர். மக்களைக் குறிக்கும் பன்மை பேச்சிலும் வினையீற்றில் உயிரோடிருக்கிறது. பேராதனையில் மலையக மாணவரும் யாழ்ப்பாண மாணவரும் ஒருங்கு வாழுங்கால் இதனாற் சிறு வேடிக்கையும் விளைவதுண்டு. "அவை வருகினம்" என்று யாழ்ப்பாணத்தார் மரியாதையுடன் தம் உறவினரைக் குறிப்பர். எழுத்துத் தமிழில் 'அவை' அஃறிணைச் சுட்டாதலால், கேட்டுப் பழகாதவர்க்கு வருவது மாந்தரா மாடுகளா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. 'அவை' என்பதற்கு 'இனம்' என்னும் ஈறே துணைநின்று, வருவோர் மனிதர் என்று காட்டுகிறது.

இவ்வேறுபாட்டின் அருமை சிங்களத்தை அருகில் வைத்து நோக்கும்போது தெளிவாகும். பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா" என்றால் நான் போகிறேன்; "எயா யனவா" என்றால் அவர் போகிறார். வினை ஒன்றே. எழுத்துச் சிங்களத்திலோ "மம யமி", "ஒஹு யயி" என இடந்தோறும் ஈறு மாறும். தமிழுக்கு நெருங்கிய மலையாளமும் இவ்வீறுகளைக் கைவிட்டது. "வந்நு" என்பது அங்கு எல்லார்க்கும் பொது. ஆகவே கண்டியில் தமிழ் கற்க முனையும் சிங்கள நண்பருக்குப் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்னும் வரிசை மலைப்பைத் தருவதில் வியப்பில்லை. அவர் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தை அடையும்போது மலைப்பு இன்னும் மிகும். "எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்" என்பதில் பேசுபவரைச் சுட்டும் ஈறு எங்கே என்று அவர் தேடுவார். எழுவாய் 'தம்பிமார்', 'எனக்கு' நான்காம் வேற்றுமை ஏற்ற சொல். வேற்றுமையுருபு ஏற்ற பெயருக்கு வினை இயைவதில்லை என்பதை ஒருமுறை உணர்ந்தால் இம்மயக்கம் தீரும்.

இனிப் பெரஹராவின் கடினமான வாக்கியத்திற்கு வருவோர், "நடனக் கலைஞர்களும் யானைகளும் வீதியில்..." என்று எழுதி நிறுத்துவர். சென்றது என்பது பொருந்தாது, எழுவாய் பன்மை. சென்றன எனின் கலைஞர் அஃறிணையாவர். சென்றனர் எனின் யானைகள் உயர்திணையாகும். இதனை நன்னூலார் முன்னரே கண்டிருக்கிறார். திணையும் பாலும் விரவி வந்தால் சிறப்பாலோ, மிகுதியாலோ, இழிவாலோ ஒரு முடிபு கொள்ளலாம் என்பது அவர் துணிபு. திங்களையும் சான்றோரையும் இணைத்த நாலடியார்ச் செய்யுள் சிறப்புக் கருதி உயர்திணை முடிபு கொண்டது. மூர்க்கனையும் முதலையையும் இணைத்த பழமொழி இழிவு கருதி அஃறிணை முடிபு கொண்டது. இவ்விதிப்படி கலைஞரும் யானைகளும் "சென்றனர்" என்பதே தகும். ஆடிவரும் கலைஞரை இழித்துரைக்க எவரும் கருதாராகையால் "சென்றன" இங்கு நில்லாது. ஆயினும் இன்றைய உரைநடையில் "சென்றனர்" சற்று உறுத்தலாகவே ஒலிக்கிறது. "கலைஞர்கள் ஆடிச் சென்றனர், யானைகள் பின்தொடர்ந்தன" என்று வாக்கியத்தைப் பிரித்து எழுதுவதே நல்லது. இலக்கணம் இசைவளிப்பதனாலேயே ஒரு வாக்கியம் அழகாகிவிடாது.

கூட்டப் பெயர்களிலோ பொருளை நோக்கியதால் வழுக்குவோர் பலர். "மக்கள் கூட்டம் திரண்டனர்" என்பது அடிக்கடி காணப்படும் வாக்கியம். மக்கள் பலர் என்பது உண்மை. ஆயினும் எழுவாயின் தலைமைச் சொல் 'கூட்டம்'. அஃது அஃறிணை ஒருமை. ஆகவே "மக்கள் கூட்டம் திரண்டது", "மக்கள் திரண்டனர்" என்பனவே நேரியவை. ஐயம் நேரின் வினைக்கு முன் எழுவாயின் இறுதிச் சொல்லை மட்டும் நிறுத்திப் பார்த்தல் போதும்.

எஞ்சுவது ராஜா. பல்லாண்டுகள் பெரஹராவிற் பேழை சுமந்த தலதா மாளிகையின் தந்தயானை அது. 1988இல் இறந்தது, பாடம் செய்யப்பட்ட அதன் உடல் மாளிகை வளாகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 'ராஜா' என்னும் பெயரின் வடிவம் ஆண்பால் ஈற்றையே அழைக்கிறது. யானை என்னும் பொருளோ 'இறந்தது' என்கிறது. உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகக் கூறுதலை இலக்கணம் வழுவமைதியாக ஏற்கும். பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது உரையாசிரியர் காட்டும் மரபு. ஆகவே அன்பு மிக்க ஒருவர் "ராஜா இறந்தான்" என எழுதலாம். செய்தி எழுதுபவர் "இறந்தது" என்பார். ஆனால் முதல் வரியில் "பேழையைச் சுமந்தான்" என்று அன்பு காட்டி, அடுத்த வரியில் "இறந்தது" என்று முடிக்கும் கட்டுரைக்குச் சிவப்பு மை தப்பாது.