கடல் நீலமாத்தான் இருந்தது... சூரியன்தான் பச்சை!

போன வாரம் ஒரு கூத்து. மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ. செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய மானிட்டரை மாடி அறைக்குத் தூக்கிட்டுப் போய் மாட்டினேன். வால்பேப்பர் கன்னியாகுமரி சூரிய அஸ்தமனம். கடல் சரியா இருந்தது, ஆனா வானம் கரும்பச்சை! நோட்பேடைத் திறந்தா வெள்ளைப் பக்கம் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில். எழுத்து மட்டும் கறுப்பாவே இருந்தது.

மானிட்டர் போச்சுன்னு வடசேரியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"மானிட்டர்ல உள்ள மெனு பட்டனை அமுக்கிப் பாரு மக்கா. அதுல சிவப்பு தெரியுதா?"

தெரிஞ்சது!

"அப்போ மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. கேபிளைக் கழற்றிப் பாரு."

காரணம் இதுதான் நண்பர்களே. அந்த மெனு மானிட்டருக்குள்ளேயே உருவாகிறது, கேபிள் வழியா வருவதில்லை. மெனுவும் நிறம் மாறியிருந்தா சந்தேகம் மானிட்டர் மேல். மெனு சரியா இருந்தா கேபிளோ கம்ப்யூட்டரோ.

1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ-வில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி கம்பி. முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். 0 வோல்ட்னா அந்த நிறமே இல்லை, 0.7 வோல்ட்னா முழு வெளிச்சம். பின் தொடாமல் போனா மானிட்டர் அதைப் பழுதுன்னு நினைக்காது, அந்த நிறம் பூஜ்யம்னு எடுத்துக்கொள்ளும். படம் எங்கே வரணும்னு சொல்லும் சிக்னல்கள் 13, 14-வது பின்களில் தனியா வருவதால் படம் அசையாமல் நிற்கும்.

இப்போ என் வால்பேப்பரைப் பாருங்க. ஆரஞ்சு என்பது நிறைய சிவப்பு, கொஞ்சம் பச்சை. சிவப்பைக் கழித்தா கரும்பச்சை மிச்சம். கடலில் சிவப்பு ரொம்பக் குறைவு, அதனால் மாற்றமே தெரியலை. கறுப்பில் கழிக்க ஒன்றுமில்லை. அதனால் சோதிக்க வெள்ளைப் பக்கம்தான் நல்லது. சிவப்பு போனா வெள்ளை பச்சைநீலமாகும், பச்சை போனா கத்தரிப்பூ மாதிரி, நீலம் போனா மஞ்சள்.

கேபிளைக் கழற்றி, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பின்களைப் பார்த்தேன். மேல் வரிசையில் இடது ஓரம், அதாவது முதல் பின், படுத்துக் கிடந்தது. நேராப் பிடிக்காமல் அழுத்திச் சொருகினது நான்தான்! நடு வரிசையில் ஒரு பின்னே இல்லை. பதறிட்டேன். "அது ஒன்பதாவது பின், நிறைய கேபிள்ல இருக்காது" என்றார் அண்ணாச்சி.

லீட் எடுத்த மைக்ரோடிப் பென்சில் முனையைப் பின் மேல் மாட்டி மெதுவா நிமிர்த்தினேன். ஒரே தடவைதான். திரும்பத் திரும்ப வளைத்தா ஒடிஞ்சிடும், ஒடிஞ்சா கேபிளை மாற்றத்தான் வேணும். நிமிர்த்திய பிறகும் கேபிளை ஆட்டும்போது நிறம் வந்து வந்து போனா, உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

நேராச் சொருகி இரண்டு ஸ்க்ரூவையும் திருகினேன். சூரியன் மறுபடி சிவந்தது. ரிவ்யூவுக்குப் படிக்கத்தான் நேரம் இல்லாமல் போச்சு...