தொசியே ஏங்கொம்ப்ளே

பிரான்சிலிருந்து வரும் அலுவலகக் கடிதங்களில் நம் பிள்ளைகளை அதிகம் கலங்கடிக்கும் வார்த்தை ‘ஏங்கொம்ப்ளே’. ‘தொசியே ஏங்கொம்ப்ளே’ என்றால் கோப்பில் ஏதோ குறைகிறது என்று பொருள், அவ்வளவுதான். இடம் இல்லை என்று சொல்ல அவர்களிடம் வேறு வார்த்தை இருக்கிறது: ‘ரெஃப்யூசே’. அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாமல்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

அவள் பெயரை மாற்றி, கவிதா என்று வைத்துக்கொள்வோம். இங்கே புதுச்சேரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு, பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் படிக்க விண்ணப்பித்திருந்தாள். அப்பா ஜவுளிக்கடையில் வேலை. வந்த மின்னஞ்சலில் மூன்று குறைகள் சொல்லி, பத்து நாள் தவணை கொடுத்திருந்தார்கள். “தாத்தா, எல்லாத்தையும்தான் அனுப்பினேனே, இல்லைன்னு சொல்றாங்களே” என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் நானும் இப்படிக் கடிதம் அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். கோப்பைப் பார்க்கிற எழுத்தரிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து ‘டிக்’ போடுவார். டிக் விழாத இடமெல்லாம் அவருக்கு ‘இல்லை’. அந்த ‘இல்லை’ மூன்று வகை: நிஜமாகவே அனுப்பாதது, அனுப்பியும் அவரால் அடையாளம் காண முடியாதது, இன்னும் பிறக்காத காகிதம். கவிதாவின் மூன்று குறைகளும் வகைக்கு ஒன்றாக அமைந்திருந்தன.

முதல் குறை, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. சான்றிதழை அனுப்பியிருந்தாள்; மொழிபெயர்ப்பை அனுப்பவே இல்லை. “ஐயா, நீங்க கொலேழ்ல பிரெஞ்சு படிச்சவராச்சே, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க” என்றார் அவள் அப்பா. எழுதித் தரலாம், ஆனால் என் பிரெஞ்சுக்கு முத்திரை கிடையாது. அவர்கள் கேட்பது ‘த்ரதுக்தர் அசெர்மாந்தே’, அதாவது சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். அவர் தன் கையெழுத்தும் முத்திரையும் வைத்து, மூலச் சான்றிதழின் நகலோடு சேர்த்துத் தருவதுதான் செல்லும். அதற்கு நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பதில் அனுப்ப வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொரு அஞ்சலும் ஒவ்வொருவர் மேசைக்குப் போகும், கோப்பு எங்குமே முழுமையாகாது.

இரண்டாவது குறைதான் விசித்திரம். அடையாளச் சான்று ‘பொருந்தவில்லை’ என்றிருந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பியிருந்தாளே! விண்ணப்பத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிரெஞ்சுப் படிவத்தில் ‘நோம்’ என்றால் குடும்பப் பெயர், ‘ப்ரெனோம்’ என்றால் சொந்தப் பெயர். இவள் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி, ‘நோம்’ கட்டத்தில் கவிதா என்றும் ‘ப்ரெனோம்’ கட்டத்தில் ஆர் என்றும் போட்டிருந்தாள். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் ராமலிங்கம். அந்த எழுத்தரின் கண்ணுக்கு இது இரண்டு பெண்கள். போதாததற்கு பாஸ்போர்ட் கோப்பின் பெயர் `scan001.pdf`.

இந்த இனிஷியல் விவகாரம் நம்ம ஊருக்குப் புதிதல்ல. 1881 ஆணைக்குப் பிறகு ‘ரெனோன்சான்’ ஆனவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாரிசுகளுக்கு பிரெஞ்சுக் கட்டத்தில் சிக்கல் இல்லை. மற்றவர்கள் நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டோம். அந்த ‘ஆர்’ என்பது தகப்பனார் பெயர் என்று பாரிஸ்காரருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

சொல்வதோடு விட்டால் போதாது, சாட்சிக் காகிதமும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ராமலிங்கம் என்று இருக்கிறது. மதிப்பெண் பட்டியலையும் பாஸ்போர்ட்டையும் இணைக்கும் பாலம் அதுதான். பிறந்த தேதி மூன்றிலும் ஒன்றே. ஆக முதல் குறைக்கான மொழிபெயர்ப்பே இரண்டாவது குறைக்கும் பதிலாக அமைந்தது. அதுவும் போதாதென்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தரத் தயார் என்று ஒரு வரி சேர்த்தோம்.

மூன்றாவது, பட்டச் சான்றிதழும் ஆறாம் செமஸ்டர் மதிப்பெண்ணும். தேர்வு முடிவே வரவில்லை; பட்டம் பட்டமளிப்பு விழாவில்தான். இல்லாத காகிதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை, அது ஏன் இல்லை என்பதற்குக் காகிதம் வேண்டும். கல்லூரியில் கேட்டு, தேர்வு எழுதிவிட்டாள், முடிவு வரவேண்டியிருக்கிறது என்று போனஃபைடு சான்றிதழ் வாங்கினோம். முடிவு வந்ததும் இங்கே தருகிற புரொவிஷனல் சான்றிதழ், அவர்கள் ஊர் ‘அத்தெஸ்தசியோன் த ரெயுசித்’துக்கு நிகரானது. பட்டம் அச்சாகும் முன் தேர்ச்சியைச் சொல்லும் காகிதம் அது. அந்தப் பிரெஞ்சுப் பெயரையே கடிதத்தில் எழுதினால் அவருக்கு உடனே புரியும்.

ஐந்தாம் நாள் கடிதம் எழுதினோம். அப்பா ஒரு நகல் வைத்திருந்தார்: குடும்பக் கஷ்டம், மகளின் கனவு, தயவுகூர்ந்து கருணை காட்டவும். ஒவ்வொரு வரியும் நிஜம்தான். ஆனால் டிக் போடுகிறவருக்குக் கருணை காட்டக் கட்டம் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். புதிய கடிதத்தைத் தொடங்காமல், வந்த அஞ்சலுக்கே பதிலாக, அவள் விண்ணப்பித்த அதே முகவரியிலிருந்து அனுப்பச் சொன்னேன். தலைப்பில் கோப்பு எண்ணும், `RAMALINGAM Kavitha – pièces manquantes` என்றும் மட்டும். உள்ளே இவ்வளவுதான்:

“வணக்கம். உங்கள் கடிதத்தில் கேட்ட ஆவணங்களை அதே வரிசையில் இணைத்துள்ளேன். 1. பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும். 2. பாஸ்போர்ட். மதிப்பெண் பட்டியலில் உள்ள ஆர் என்பது என் தந்தை ராமலிங்கத்தின் முதல் எழுத்து. இணைப்பு 1 காண்க. படிவத்தில் என் பெயரை இதன்படி திருத்தக் கோருகிறேன். 3. ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் கல்லூரிச் சான்றிதழும். ஆறாம் செமஸ்டர் முடிவு இன்னும் வெளியாகவில்லை. வந்தவுடன் அனுப்புகிறேன். அதுவரை இவற்றை ஏற்க இயலுமா?”

கடைசிக் கேள்வி முக்கியம். கேள்வி இருந்தால்தான் பதில் எழுத வேண்டிய கடமை வரும். கோப்புகளுக்கு `1_acte_naissance.pdf`, `2_passeport.pdf` என்று எண் போட்டுப் பெயர் வைத்தோம். பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ‘பொர்தெரோ’ இதுதான், இணைப்புகளின் வரிசைப் பட்டியல். முடிவுரையாக அப்போது மனப்பாடம் செய்த நீளமான வணக்க வாக்கியத்தைச் சொன்னேன். கவிதா சிரித்துவிட்டு ‘கொர்தியால்மான்’ என்று ஒரே சொல்லில் முடித்தாள். இப்போது மின்னஞ்சலில் அதுவே மரியாதைதானாம்.

தவணை நாள் இரவு 23.59 என்பது பாரிஸ் நேரம். கோடையில் நமக்கு மறுநாள் விடியற்காலை 3.29. அதை நம்பிக் காத்திருக்கவில்லை. அவர்கள் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காரும்போது நமக்கு மதியம் 12.30. அந்த நேரத்துக்கு அனுப்பினோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது: கோப்பு ‘கொம்ப்ளே’, ஆனால் ‘சூ ரெசெர்வ்’. நிபந்தனைக்கு உட்பட்டது என்று அர்த்தம். தேர்ச்சிச் சான்றிதழைச் சேர்க்கைக்கு முன் காட்ட வேண்டும். இடம் கிடைக்குமா என்பதைப் பேராசிரியர்கள் குழு தனியாக முடிவு செய்யும். நம் கடிதத்துக்கு அதில் வேலை இல்லை. முடிவு வந்த அன்றே ஆறாம் செமஸ்டர் பட்டியலை அதே அஞ்சல் தொடரில், `4_` என்று எண் போட்டு, என்னைக் கேட்காமலேயே அனுப்பியிருந்தாள்.